நட்டம் காட்டும் பொருளை எப்போது நிறுத்துவது? நிற்கப்போகும் செலவிலிருந்து தொடங்கும் ஒரு கணக்கு

பல பொருள்களை விற்கும் ஒரு நிறுவனத்தில், ஆண்டுக் கணக்கைப் பார்க்கும்போது ஒரு பொருளுக்கு எதிரே மட்டும் கழித்தல் குறி நிற்கும். அதைக் கண்டதும் பெரும்பாலோருக்குத் தோன்றுவது ஒன்றுதான்: அதை நிறுத்திவிட்டால் அந்த நட்டம் போய்விடும், மொத்த லாபம் அந்த அளவுக்கு உயரும். கேட்பதற்கு மறுக்க முடியாததாகத் தெரியும் இந்த எண்ணம் பல சமயங்களில் தவறாக முடிகிறது. பொருளை நிறுத்திய பிறகு லாபம் உயராமல் குறைந்து போனதையும், எங்கே பிழை என்று தெரியாமல் உரிமையாளர் அடுத்த பொருளின்மேல் கை வைத்ததையும் கணக்கர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். பிழை பெரும்பாலும் கூட்டல் கழித்தலில் இருப்பதில்லை. அந்தக் கழித்தல் குறி எதனால் வந்தது என்று கேட்காமல் விட்டதில்தான் இருக்கிறது.

ஓர் உதாரணத்தைக் கடைசிவரை பின்தொடர்ந்து இதைப் பார்ப்போம். மேசை, நாற்காலி, அலமாரி என மூன்று பொருள்களைச் செய்து விற்கும் ஒரு சிறு மரச்சாமான் பட்டறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் ஒரு மாதக் கணக்கு கீழே உள்ளது. தொகைகள் எல்லாம் ஆயிரங்களில் உள்ளன; எந்த நாணயமாக இருந்தாலும் கணக்கின் போக்கு மாறாது.

| பொருள் | விற்பனை | மாறும் செலவு | பங்களிப்பு | பங்கிட்ட பொதுச் செலவு | லாபம் / நட்டம் |
|---|---|---|---|---|---|
| மேசை | 500 | 280 | 220 | 175 | 45 |
| நாற்காலி | 300 | 165 | 135 | 105 | 30 |
| அலமாரி | 200 | 150 | 50 | 70 | −20 |
| மொத்தம் | 1000 | 595 | 405 | 350 | 55 |

மாறும் செலவு என்பது ஒவ்வோர் உருப்படியோடும் கூடவே ஏறி இறங்கும் செலவு. மரப்பலகை, கீல், பசை, மெருகு, எண்ணிக்கைக்கு ஏற்பத் தரும் கூலி, வண்டி வாடகை ஆகியவை இதில் அடங்கும். ஓர் அலமாரி குறைவாகச் செய்தால் இவை அந்த அளவுக்குக் குறையும். விற்பனையிலிருந்து இதைக் கழித்தால் மிஞ்சுவதைப் பங்களிப்பு என்கிறோம்; வாடகை, மாதச் சம்பளம் போன்ற பொதுச் செலவைத் தாங்குவதற்கு அந்தப் பொருள் கொண்டுவந்து தரும் பணம் என்பதால் இந்தப் பெயர்.

பொதுச் செலவான 350, விற்பனை விகிதத்தில் மூன்று பொருள்களுக்கும் பிரித்துப் போடப்பட்டிருக்கிறது. அலமாரி மொத்த விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கு என்பதால் அதன் தலையில் 70 விழுந்தது. இந்தப் பங்கீட்டைச் செய்தவர் கணக்கர். பட்டறையின் வாடகை ரசீதில் அலமாரிக்கு இவ்வளவு என்று யாரும் எழுதித் தரவில்லை. விற்பனைக்குப் பதிலாகத் தரையில் அடைக்கும் இடத்தையோ வேலை நேரத்தையோ அளவுகோலாகக் கொண்டிருந்தால் அந்த 70 வேறு எண்ணாக இருந்திருக்கும். நட்டம் 20 என்பதும் கூடியோ குறைந்தோ, லாபமாகவே கூட மாறியிருக்கும்.

இப்போது அலமாரியை நிறுத்திவிட்டு, வேறு எதையும் தொடாமல் விட்டால் என்ன நடக்கும்? அலமாரி கொண்டுவந்த 50 பங்களிப்பு வராது. பொதுச் செலவு 350 அப்படியே இருக்கும். மேசையும் நாற்காலியும் சேர்ந்து தரும் 355-இலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது 5. மாத லாபம் 55-இலிருந்து 75 ஆகும் என்று எதிர்பார்த்த இடத்தில் 5 ஆகச் சரிந்துவிடுகிறது. அடுத்த மாதக் கணக்கில் அதே 350, இரண்டு பொருள்களின் மேல் பங்கிடப்படும். அப்போது மேசையின் லாபம் ஏறத்தாழ 1 என்றும் நாற்காலியின் லாபம் ஏறத்தாழ 4 என்றும் காட்டும். விற்பனை சற்றே மந்தமானாலும் மேசைக்கு எதிரே கழித்தல் குறி வந்துவிடும். பழைய தர்க்கத்தையே பின்பற்றினால் அடுத்து மேசையையும் நிறுத்த வேண்டியதாகும். ஒரு நல்ல தொழில் இப்படிப் படிப்படியாகத் தன்னைத்தானே மூடிக்கொள்ள முடியும் என்பதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பங்கீட்டு எண்ணை உண்மைச் செலவாக எடுத்துக்கொள்ளும் எந்த நிறுவனத்துக்கும் இந்த ஆபத்து உண்டு.

நிறுத்தினால் எந்தச் செலவு நிற்கும்?

எனவே கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தப் பொருளை நிறுத்தினால் நம் வங்கிக் கணக்கிலிருந்து வெளியே போகும் பணத்தில் எது நிற்கும், எந்தத் தேதியில் நிற்கும்? நிற்கக்கூடியதைத் தவிர்க்கக்கூடிய செலவு என்று அழைக்கிறோம். பங்களிப்பை இழப்பதோடு ஒப்பிட வேண்டியது இதைத்தான். பங்கிட்ட செலவை அல்ல.

இதைக் கண்டுபிடிக்க ஒரே நம்பகமான வழி, கடந்த 12 மாத வங்கி அறிக்கையையும் சம்பளப் பட்டியலையும் எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாகப் போவதுதான். ஒவ்வொரு வரியிலும் நின்று, இந்தப் பொருள் இல்லாவிட்டால் இந்தத் தொகையை நாம் கட்டியிருப்போமா என்று கேட்க வேண்டும். 12 மாதம் என்று சொல்வதற்குக் காரணம், காப்பீடு, உரிமக் கட்டணம், இயந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் போன்றவை ஆண்டுக்கு ஒருமுறைதான் கண்ணில் படும்.

நம் பட்டறையில் அப்படித் தேடியபோது மூன்று வரிகள் அகப்பட்டன. பெரிய பலகைகளையும் செய்து முடித்த அலமாரிகளையும் வைப்பதற்காகத் தனியாக எடுத்த கிடங்கின் வாடகை 18. பலகையின் ஓரங்களில் பட்டை ஒட்டும் இயந்திரத்தின் குத்தகைத் தொகை 10. வாங்கியவர் இடத்துக்கே போய் அலமாரியைப் பொருத்தித் தரும் இரண்டு ஊழியர்களின் சம்பளம் தலைக்கு 13 வீதம் 26. மொத்தம் 54.

அலமாரியின் பெயரில் பங்கிட்டிருந்த 70-இல் மீதி 16 எங்கே போனது? முதன்மைக் கூடத்தின் வாடகை, மேலாளர் சம்பளம், கணக்கு எழுதுபவர் சம்பளம் போன்றவற்றின் துண்டுகள் அவை. அலமாரி போனால் கூடத்தின் ஒரு மூலை காலியாகும், ஆனால் கட்டட உரிமையாளர் அந்த மூலைக்கான வாடகையைக் குறைத்துக்கொள்ள மாட்டார். கணக்கு எழுதுபவருக்கு வாரத்தில் சில மணி நேரம் மிச்சமாகும், சம்பளம் மிச்சமாகாது. பொதுச் செலவுகள் பெரும்பாலும் படிக்கட்டுபோல இறங்குபவை. ஒரு முழு ஆள், ஒரு முழு அறை, ஒரு முழு இயந்திரம் தேவையற்றுப் போகும்போதுதான் ஒரு படி இறங்கும். ஒருவருடைய நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமானால் எதுவும் இறங்காது. திட்ட அறிக்கைகளில் சேமிப்பு என்று எழுதப்பட்டு, பிறகு கணக்கில் காணாமல் போகும் தொகைகளில் பெரும்பகுதி இப்படிப்பட்ட துண்டுகள்தான்.

ஆக, அலமாரியை நிறுத்தினால் 50 இழக்கிறோம், 54 மிச்சமாகிறது. மாதம் 4 ஆதாயம். இது முடிவெடுக்கப் போதுமா? போதாது. ஏனென்றால் அலமாரி தனியாக விற்கப்படுவதில்லை.

விற்பனை ரசீதுகளைப் புரட்டிப் பார்த்தால், ஒரே ரசீதில் அலமாரியும் மேசையும் சேர்ந்து வரும் இடங்கள் தெரியும். அவை எல்லாமே போய்விடும் என்று கருதுவது பயம். எதுவும் போகாது என்று கருதுவது ஆசை. அலமாரி கிடைக்காவிட்டால் வேறிடம் போய் இரண்டையும் சேர்த்து வாங்கக்கூடியவர்கள் யார் என்பதை விற்பனையில் நிற்பவர் பெரும்பாலும் பெயர் சொல்லியே சொல்வார். அப்படிக் கணக்கிட்டதில் மேசைப் பங்களிப்பான 220-இல் 5 சதவீதம், அதாவது 11, கூடவே போகலாம் என்று தெரிந்தது. இப்போது கணக்கு மாறிவிடுகிறது: இழப்பு 61, மிச்சம் 54. நிறுத்தினால் மாதம் 7 நட்டம். நட்டம் காட்டிய பொருளை வைத்திருப்பதுதான், இந்த நிலையில், லாபம்.

நிறுத்துவதற்கு முன் குறைத்துப் பார்ப்பது

வைத்திருப்பதா, நிறுத்துவதா என்ற இரண்டே வழிகள்தான் என்று நினைத்துக்கொள்வதால் பல நல்ல வாய்ப்புகள் கண்ணில் படாமல் போகின்றன. நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதைக் காண, பட்டறையில் எது பற்றாக்குறை என்று கேட்க வேண்டும். இங்கே எல்லாப் பலகைகளும் ஒரே அறுவை இயந்திரத்தைக் கடந்துதான் போக வேண்டும். அது மாதம் 200 மணி நேரம் ஓடுகிறது, அதற்கு மேல் ஓடாது. மேசைக்கு 100 மணி, நாற்காலிக்கு 50 மணி, அலமாரிக்கு 50 மணி. ஒரு மணி நேர அறுவை எவ்வளவு பங்களிப்பைத் தருகிறது என்று பார்த்தால் நாற்காலி 2.7, மேசை 2.2, அலமாரி வெறும் 1. இந்த நேரத்தில் நாற்காலிக்கு வரும் ஆர்டர்களில் 20 மணி நேர வேலையை, நேரமில்லை என்று பட்டறை மாதாமாதம் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறது.

அலமாரியின் உண்மையான பாரம் இதுதான். அது தன் பெயரில் காட்டிய 20 நட்டம் பங்கீட்டின் விளைவு. ஆனால் அது நாற்காலியின் நேரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது நிஜம், எந்தக் கணக்கு ஏட்டிலும் வராத நிஜம். அலமாரியை 20 மணி நேரம் குறைத்து அதை நாற்காலிக்குக் கொடுத்தால் 20 போய் 54 வருகிறது. எதையும் மூடாமல் மாதம் 34 கூடுகிறது. மரமும் கூலியும் வண்டி வாடகையும் நாற்காலியின் மாறும் செலவில் ஏற்கெனவே அடங்கியிருப்பதால் இந்த 54 மெய்யான தொகை. திருப்பி அனுப்பும் ஆர்டர்கள் இல்லாமல், நேரம் கிடைத்தால் விற்றுவிடலாம் என்ற நம்பிக்கை மட்டும் இருந்தால் இந்தக் கணக்கைப் போடவே கூடாது. காலியான நேரம் தானாகப் பணமாவதில்லை.

எந்த அலமாரி ஆர்டர்களைக் குறைப்பது? மறுப்பதைவிட விலையை உயர்த்தி, வாங்குபவர்களையே முடிவு செய்ய விடுவது நல்லது. அலமாரி விலையில் 25 சதவீதம்தான் பங்களிப்பாக மிஞ்சுகிறது. விலையை 10 சதவீதம் உயர்த்தினால், பழைய விலையில் 100-க்கு விற்ற உருப்படி 110-க்கு விற்கும், செலவு 75-ஆகவே இருக்கும், பங்களிப்பு 25-இலிருந்து 35 ஆகும். 25-ஐ 35-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.71. அதாவது வாங்குபவர்களில் 28 சதவீதம் பேர் விலகினாலும் மொத்தப் பங்களிப்பு குறையாது. பங்களிப்பு விகிதம் குறைவாக உள்ள பொருளுக்கு விலை உயர்வு எவ்வளவு பெரிய ஆயுதம் என்பது பலருக்கும் தெரிவதில்லை. வாங்குபவர் போய்விடுவார் என்ற அச்சத்தில், எத்தனை பேர் போனால் தாங்கும் என்ற எளிய வகுத்தலைச் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். சோதனையைத் தொடங்கும் முன்பே இந்த 28 என்ற எல்லையையும், சோதனை முடியும் தேதியையும் எழுதி வைத்துவிட வேண்டும். எழுதாமல் தொடங்கினால், விற்பனை குறைந்ததும் இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்ற பேச்சு வரும். அது முடிவதே இல்லை.

நம் பட்டறை 3 மாதம் பார்த்தது. விலகியவர்கள் 28 சதவீதம் அல்ல, 60 சதவீதம். மீதமிருந்த 40 சதவீதத்தின் பங்களிப்பு, புதிய விலையில், மாதம் 28. அறுவை இயந்திரத்தில் 30 மணி நேரம் காலியாகி, அதில் 20 மணி நேரத்தை நாற்காலி நிரப்பிவிட்டது. இப்போது பழைய கேள்வியை மறுபடி கேட்க வேண்டும். நாற்காலிக்குத் தேவையான நேரம் கிடைத்துவிட்டதால் அந்த ஆதாயத்தை இனி நிறுத்தும் முடிவின் கணக்கில் சேர்க்கக் கூடாது. மேசையையும் சேர்த்து வாங்குபவர்கள் பெரும்பாலும் விலை உயர்ந்த பின்னும் தங்கிவிட்டவர்களாக இருந்ததால், அவர்களால் போகக்கூடிய 11 அப்படியே நிற்கிறது. ஆகவே அலமாரியை முழுவதும் நிறுத்தினால் இழப்பது 28-உம் 11-உம் சேர்ந்து 39, மிச்சமாவது 54. மாதம் 15 ஆதாயம்.

இப்போது நிறுத்தலாம். முதல் நாளிலேயே நிறுத்தியிருந்தால் இதே இடத்துக்குத்தானே வந்திருப்போம் என்று கேட்கத் தோன்றும். வந்திருக்கலாம், ஆனால் வாங்குபவர்களில் 10 பேரில் 8 பேர் புதிய விலையை ஏற்றுக்கொண்டிருந்தால், மாதம் 56 தரக்கூடிய ஒரு சிறிய, நல்ல விலைப் பொருளை வீசியிருப்போம். எத்தனை பேர் ஏற்பார்கள் என்று சோதனைக்கு முன்னால் யாருக்கும் தெரியாது.

செய்து முடித்த செலவு

இந்த இடத்தில் ஒரு குரல் கட்டாயம் எழும். கிடங்கில் அடுக்குகள் பொருத்த இவ்வளவு செலவு செய்தோமே, அலமாரிக்கு அச்சுகள் செய்ய ஓராண்டு உழைத்தோமே என்பது அந்தக் குரல். அந்தப் பணம் மூழ்கிய செலவு. தொடர்ந்தாலும் திரும்ப வராது, நிறுத்தினாலும் திரும்ப வராது. இரண்டு பக்கத்திலும் ஒரே தொகையாக இருப்பதால் முடிவில் அதற்கு இடமில்லை. அந்த அடுக்குகளை இன்று விற்றால் என்ன கிடைக்கும் என்பது மட்டும் கணக்கில் வரும்.

இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம். இன்டெல் நிறுவனம் 1968-இல் தொடங்கப்பட்டு, நினைவகச் சில்லுகளால் பெயர் பெற்றது. 1980-களின் நடுவில் ஜப்பானிய நிறுவனங்களோடு விலையிலும் தரத்திலும் போட்டி போட முடியாமல் அந்தப் பொருளில் பணம் கரைந்துகொண்டிருந்தது. 1985-இல் அதன் தலைவர்களில் ஒருவரான ஆண்டி குரோவ், நிறுவனர்களில் ஒருவரான கார்டன் மூரிடம், நம்மை வெளியேற்றிவிட்டு வேறொருவரை இந்த இடத்தில் உட்கார வைத்தால் அவர் என்ன செய்வார் என்று கேட்டார். நினைவகத் தொழிலிலிருந்து வெளியேறிவிடுவார் என்று மூர் தயங்காமல் சொன்னார். பழைய உழைப்பின் பாசம் இல்லாத ஒருவரின் கண்ணால் பார்ப்பதற்கு அந்தக் கேள்வி உதவியது. இந்தக் கதையை அதோடு நிறுத்திவிடுவது வழக்கம். எனக்கு அதன் மறுபாதிதான் முக்கியமாகத் தெரிகிறது: முடிவெடுத்த பிறகும், விற்கப்போவதில்லை என்று தெரிந்த பொருளுக்கான ஆராய்ச்சி சில காலம் தொடர்ந்து நடக்க விட்டதைக் குரோவே பின்னர் ஒப்புக்கொண்டார். முடிவு ஒரு நாளில் எடுக்கப்படுகிறது. செலவு அந்த நாளில் நிற்பதில்லை.

விற்பனை நிற்கும் நாளும் செலவு நிற்கும் நாளும்

நம் பட்டறையின் 54-ஐத் தேதி போட்டு எழுதிப் பார்ப்போம். கிடங்கைக் காலி செய்ய 3 மாத முன்னறிவிப்பு தர வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. பட்டை ஒட்டும் இயந்திரத்தின் குத்தகை முடிய இன்னும் 8 மாதம் இருக்கிறது. பொருத்தும் ஊழியர்களில் ஒருவர் 3 மாதத்தில் பணி ஓய்வு பெறுகிறார். மற்றவரை நாற்காலிப் பிரிவுக்கு மாற்றலாம். அங்கே வேலை கூடிவிட்டதால் எப்படியும் ஒருவரைப் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது, ஆகவே அவருடைய 13 மெய்யான சேமிப்பு. அங்கே ஆள் தேவைப்படாத நிலையில் அவரை மாற்றியிருந்தால் சம்பளம் ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்கு இடம் மாறியிருக்கும். அதைச் சேமிப்பு என்று எழுதக் கூடாது.

அலமாரி விற்பனையை நாளைக்கே நிறுத்தினால், முதல் 3 மாதமும் மாதத்துக்கு 39 இழந்து 13 மட்டும் மிச்சம் பிடிப்போம். மாதம் 26 வீதம் 78 கையை விட்டுப் போகும். நான்காம் மாதம் கிடங்கு வாடகையும் ஓய்வு பெற்றவரின் சம்பளமும் நின்றுவிடுவதால் மிச்சம் 44 ஆகி, மாதம் 5 மீளும். ஒன்பதாம் மாதத்தில் குத்தகை முடிந்த பிறகுதான் முழு 15 கிடைக்கும். போன 78-ஐ ஈட்டி முடிக்கப் பன்னிரண்டாம் மாதம் ஆகிவிடும்.

அதற்குப் பதிலாக, கிடங்கு உரிமையாளருக்கு இன்றே முன்னறிவிப்புக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, அலமாரிக்குக் கடைசி ஆர்டர் தேதியை அறிவித்து, கடைசி அலமாரி 3 மாத முடிவில் வெளியேறும்படி வேலையை அமைத்தால் அந்த 78 இழப்பு ஏற்படவே ஏற்படாது. செய்த வேலை ஒன்றே ஒன்றுதான்: செலவு நிற்கும் நாளை முதலில் பார்த்து, விற்பனை நிற்கும் நாளை அதன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது. இயந்திரத்தின் குத்தகையை முன்கூட்டியே முடிக்க முடியுமா என்றும் கேட்டுப் பார்க்கலாம். மீதமுள்ள தவணைகளைவிடக் குறைவான தொகைக்கு ஒப்புக்கொண்டால் ஆதாயம். இல்லாவிட்டால் அந்த 8 மாதத் தொகையும் மூழ்கிய செலவுதான், அதற்காக அலமாரியைத் தொடரக் கூடாது.

அந்த 3 மாதத்தில் கிடங்குக்குள் நடக்க வேண்டியதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். முழுப் பலகைகள் ஒரு பக்கம், வெட்டி மிஞ்சிய அரைப் பலகைகள் ஒரு பக்கம், பெட்டி பெட்டியாகக் கீல்களும் பூட்டுகளும், கீறல் விழுந்ததால் விற்காமல் நிற்கும் நான்கைந்து அலமாரிகள். முழுப் பலகையை மேசைக்குப் பயன்படுத்த முடியுமென்றால் அதன் மதிப்பு முழுதும் நிற்கும், ஏனென்றால் மேசைக்கு வாங்கும் பலகை அந்த அளவுக்குக் குறையும். அரைப் பலகைக்குக் கிடைக்கும் விலைதான் மதிப்பு. வாங்கிய விலையைப் பிடித்துக்கொண்டு அடுக்கி வைத்தால், அது அடைக்கும் இடத்துக்கு வாடகை ஓடும். கீறல் விழுந்தவற்றைக் கடைசி மாதத்துக்குத் தள்ளாமல் முதல் மாதமே விலை குறைத்து விற்பது நல்லது. கடைசி மாதத்தில் எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ளும்போது வாங்குபவர் அவசரத்தை முகத்திலேயே படித்துவிடுவார். அதே முதல் நாளில் அலமாரிக்கான கொள்முதல் ஆர்டர்களை நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று தோன்றலாம். ஆனால் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருப்பு போனால் தானாக ஆர்டர் போகும்படி அமைத்திருந்தால், யாரும் கவனிக்காமல் புதிய கீல் பெட்டிகள் வந்து இறங்கும்.

கீல்களையும் பூட்டுகளையும் முழுவதும் விற்றுவிடக் கூடாது. விற்ற அலமாரிகளுக்கு 2 ஆண்டு உத்தரவாதம் கொடுத்திருந்தால், பொருளை நிறுத்திய பிறகும் அந்த வாக்கு நிற்கும். கடந்த 2 ஆண்டுகளில் மாதம் எத்தனை கீல்கள் மாற்றப்பட்டன என்று பார்த்து, அதற்கேற்ப ஒரு பெட்டியை முதன்மைக் கூடத்தில் எடுத்து வைத்துக்கொண்டால் போதும். மாற்றிப் பொருத்தத் தெரிந்தவர் நாற்காலிப் பிரிவில் இருக்கிறார். அவருக்கு மாதத்தில் ஒன்றிரண்டு நாள் இதற்காகப் போகும் என்பதையும் 15 ஆதாயத்திலிருந்து கழித்துப் பார்ப்பது நேர்மையான கணக்கு. ஓய்வு பெறுபவருக்குத் தர வேண்டிய தொகை அலமாரியை நிறுத்தாவிட்டாலும் தர வேண்டியதுதான் என்பதால் அது இந்தக் கணக்கில் வராது. கிடங்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஒப்படைக்க ஆகும் செலவு, இதைப் போன்ற ஒருமுறைச் செலவுகள், வரும். அவற்றை 15-ஆல் வகுத்தால் எத்தனை மாதத்தில் மீளும் என்று தெரியும்.

சேவைத் தொழில்களிலும் வழி இதுவே, ஆனால் அங்கே பலகையும் கீலும் இல்லாததால் பங்களிப்பு எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியாது. பழுது பார்ப்பு, பயிற்சி, ஆலோசனை போன்றவற்றில் செலவு என்பது பெரும்பாலும் ஆள்களின் நேரம். எந்தச் சேவைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று ஊழியர்களிடம் நினைவிலிருந்து கேட்டால் கிடைக்கும் விடை நம்பத்தக்கதாக இருப்பதில்லை. 4 வாரம் நாள்தோறும் எழுதி வைக்கச் சொன்னால், கட்டணம் வாங்காத தொலைபேசி விளக்கங்களும் திரும்பத் திரும்பப் போன பயணங்களும் வெளியே வரும். நேரம் மிச்சமாவதால் சம்பளம் மிச்சமாகாது என்ற படிக்கட்டு விதி இங்கே இன்னும் கடுமையாகப் பொருந்தும். விடுபட்ட நேரத்தை வேறு கட்டணச் சேவைக்கு விற்க முடிந்தாலோ, புதிதாக ஒருவரை எடுப்பதைத் தவிர்க்க முடிந்தாலோ மட்டுமே சேவையை நிறுத்துவதால் பணம் மிஞ்சும்.

எல்லாம் முடிந்த பிறகு, நிற்கும் என்று எழுதிய ஒவ்வொரு செலவுக்கும் எதிரே ஒரு தேதியும் ஒருவருடைய பெயரும் இருக்க வேண்டும். அந்தத் தேதிக்கு அடுத்த மாத வங்கி அறிக்கையில் அந்த வரி இருக்கிறதா என்று அந்த நபர் பார்க்க வேண்டும். காலி செய்த கிடங்கின் மின் இணைப்புக்கான குறைந்தபட்சக் கட்டணம், அங்கே வைத்திருந்த சரக்குக்கான காப்பீடு, அலமாரி வடிவமைப்புக்காக வாங்கிய மென்பொருளின் மாதச் சந்தா போன்ற சிறு தொகைகள் யாரும் கேட்காததால் ஆண்டுக்கணக்கில் ஓடும். நம் பட்டறையில் அப்படிக் கவனமாகப் பார்க்க வேண்டியது ஏழாம் மாதம். இயந்திரக் குத்தகை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், முடிவதற்கு 30 நாளுக்கு முன் எழுத்தில் தெரிவிக்காவிட்டால் இன்னும் ஓராண்டுக்குத் தானாகப் புதுப்பிக்கப்படும் என்று ஒரு வரி இருந்தது. ஏழாம் மாத முடிவுக்குள் அந்தக் கடிதம் போகாவிட்டால், யாரும் தொடாத ஓர் இயந்திரத்துக்கு மாதம் 10 வீதம் இன்னும் 12 மாதம் கட்ட வேண்டியிருக்கும். ஆகவே கிடங்குக்கான முன்னறிவிப்புக் கடிதம் எழுதிய அன்றே, இயந்திரத்துக்கான கடிதத்தையும் எழுதி, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தையும் வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டார்கள்.